சேவல் முத்திரை குத்திய பெல்ட்

எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உட்காரத் தெரியாத ஒரே ஆள் உடைசல் அக்காதான். அவருக்கு நாற்காலி இருக்கிறது. தன் கைக்காசில் ஒரு மெத்தைகூட வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் எப்போதும் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். டீயை நின்றபடி குடிப்பார், ஃபோனை நடந்தபடி பேசுவார். தப்பித்தவறி உட்கார்ந்துவிட்டால் கால் ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்து மேசை என்னுடையது. என் டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்த நாளை நான் பார்த்ததில்லை.

"அக்கா, அந்தக் காலைக் கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு மயக்கம் வருது" என்பேன்.

"உன் மேசைக்கு ஒரு கால் குட்டை தம்பி. என் காலை ஏன் குத்தம் சொல்ற?" என்பார்.

நான் க்ளெய்ம் பிரிவு. விபத்து நடந்தால் பணம் கொடுக்கிற ஆள், அதனால் எனக்குக் கும்பிடு கிடைக்கும். அக்கா மீட்புப் பிரிவு. நான் கொடுத்து முடித்த பிறகு அவர் வேலை ஆரம்பமாகும். விபத்துக்கு வேறு யாராவது காரணமென்றால், பாலிசிக்காரர் அந்த ஆளிடம் நஷ்டத்தைக் கேட்டிருக்கலாம் அல்லவா? நாங்கள் பணம் கொடுத்தவுடன், கேட்கிற அந்த உரிமை எங்களுக்கு வந்துவிடும். பாலிசிக்காரரின் இடத்தில் போய் நின்று, அவர் பெயரிலேயே நோட்டீஸ் அனுப்பி, நாங்கள் கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பார்ப்போம். கொடுத்ததற்கு மேல் ஒரு பைசா எங்களுக்கு இல்லை. மேலே ஏதாவது வந்தால் அது பாலிசிக்காரருக்கு. இதெல்லாம் சரிதான். ஆனால் இந்த வேலைக்குக் கும்பிடு கிடைக்காது. சாபம்தான் கிடைக்கும்.

அக்காவுக்கு உடைசல் என்கிற பெயர் வந்தது அவருடைய அலமாரியால். எதனால் உடைந்தது என்று காட்ட, உடைந்த துண்டு வேண்டும். வெடித்த குழாய், கருகிய ஒயர், பல் போன சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் அட்டை கட்டி உள்ளே பூட்டி வைத்திருப்பார். அவற்றைத் தேடித்தான் ஊரெல்லாம் அலைவார். ஜனங்கள் விபத்து நடந்தவுடன் முதலில் செய்கிற காரியம் கூட்டிப் பெருக்குவது. அக்காவுக்குப் பிடிக்காத பொருள் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது துடைப்பம்தான்.

அந்த வருஷம் அவருக்குப் பிரிவுத் தலைவர் பதவி வருவதாகப் பேச்சு. வருஷக் கடைசியில் ஒரு பெரிய மீட்பைக் காட்டிவிட்டால் முடிந்தது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்தப் பெரிய மீட்புதான் அச்சகக்காரருடைய கேஸ்.

அச்சகக்காரர் புதிதாக ஒரு மெஷின் வாங்கினார். அதை லாரியிலிருந்து இறக்கக் கிரேன் வந்தது. மெஷினைத் தூக்குகிற நைலான் பெல்ட் நடு வானத்தில் அறுந்தது. மெஷின் தரையில் விழுந்து இரண்டாகிவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். இறக்கும்போது நடக்கிற விபத்தையும் சேர்த்து அவர் பாலிசி எடுத்திருந்ததால் நான் பணத்தைக் கொடுத்தேன். உடைந்த இரும்பை நாங்கள் எடுத்து விற்றுக்கொண்டோம். அது வேறு கணக்கு. அச்சகக்காரர் வேறொரு மெஷின் வாங்கிப் போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். பணம் வாங்கும்போது நீட்டிய தாள்களில் எல்லாம் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒன்று, தன் உரிமையை எங்களுக்குக் கொடுக்கிற கடிதம். ரசீது என்று நினைத்துக்கொண்டார். நான் விளக்கத்தான் செய்தேன். பணம் கைக்கு வருகிற நேரத்தில் யார் காதில் என்ன ஏறும்?

பிறகு அக்கா கிரேன்காரருக்கு நோட்டீஸ் அனுப்பினார், முறைப்படி அச்சகக்காரர் பெயரில். அடுத்த வாரம் அச்சகக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"என் பேர்ல யாரைக் கேட்டு நோட்டீஸ் விட்டீங்க? அவன் என் சிநேகிதன். ஒண்ணாப் படிச்சவங்க நாங்க. நேத்து ரோட்ல பார்த்தேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறான்."

"உட்காருங்க" என்று தன் நாற்காலியிலிருந்து பையை எடுத்தார் அக்கா. "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. சட்டப்படி உங்க பேர்லதான் கேக்கணும்."

"சரி, நான் மன்னிச்சிட்டேன். அவன்கிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். விட்டுடுங்க."

"அதை மட்டும் செஞ்சுடாதீங்க. பணம் வாங்கின பிறகு விட்டுக்குடுக்கிற உரிமை உங்ககிட்ட இல்ல. மீறி எழுதிக் குடுத்தா எங்களுக்கு வர வேண்டியதை நீங்க கெடுத்த மாதிரி ஆகும். அப்புறம் ஆபீஸ் உங்ககிட்டயே திரும்பக் கேக்கும்."

அச்சகக்காரரின் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பணம் மெஷினாகி இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. திரும்பக் கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது?

"கிரேனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும்ல? அவங்க குடுத்துட்டுப் போகட்டும்" என்றார் தணிந்த குரலில்.

"இருந்திருந்தா நான் அந்தக் கம்பெனிகிட்ட பேசி முடிச்சிருப்பேன். அவர் போன வருஷம் புதுப்பிக்காம விட்டுட்டார். இப்ப அவர்கிட்ட இருக்கிறது அந்தக் கிரேன் ஒண்ணுதான்."

அக்காவின் கால் ஆடியது. பிறகு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அறுந்த பெல்ட் எங்கே?"

"அது அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும்."

"யாரோட பெல்ட்?"

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிரேன் கொண்டு வர்றவன்தானே பெல்ட்டும் கொண்டு வருவான்" என்றார். பொதுவாக உலக வழக்கத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கிரேன்காரரைப் பார்க்க அக்காவுடன் நானும் போனேன். போகிற வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கிரேன்காரர் தன் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வந்து கையைத் துடைத்தார். எங்களை உட்காரச் சொன்னார், திட்டவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. திட்டுகிறவர்களிடம் பதிலுக்குக் கோபப்படலாம்.

"பெல்ட் என் சிநேகிதனோடதுதாங்க" என்றார். "என்னோட பெல்ட் இன்னொரு சைட்ல மாட்டிக்கிச்சு. போய் எடுத்துட்டு வந்துடறேன்னேன். லாரிக்காரன் கத்தறான், இதைப் போட்டுத் தூக்குன்னு சிநேகிதன்தான் அச்சகத்துக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தான். பழசா இருக்கேன்னு நான் சொன்னேன். சொன்னவன் தூக்காம இருந்திருக்கணும். சிநேகிதன் சொல்றானேன்னு தூக்கிட்டேன்."

"இதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?"

"அவன்தான் சாட்சி. இப்ப அவன் பேர்லயே நோட்டீஸ் வருது." கையை மறுபடியும் துடைத்துக்கொண்டார். "வக்கீல் நோட்டீஸுக்கு நான் பயப்படலம்மா. அவன் பேரை அதுல பார்த்துட்டுதான் அழுதேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

திரும்பும்போது அக்கா தாளம் போடவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, தெருவோரமாக அங்கும் இங்கும் நடந்தார்.

"பொய் சொல்ற மாதிரி தெரியலையே தம்பி."

"பணம் கட்டணும்னா எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க" என்றேன். எனக்குப் பசி, வெயில் வேறு.

"அச்சகக்காரர் அவர்கிட்ட எதைக் கேக்க முடியுமோ, அதைத்தான் நாம கேக்க முடியும். அச்சகக்காரர்தான் பெல்ட் குடுத்தார், அவர்தான் தூக்கச் சொன்னார்னு ஆச்சுன்னா அவருக்கே கேக்க வாய் கிடையாது. அவருக்கு இல்லாத வாய் நமக்கு எங்கிருந்து வரும்?"

"அப்படின்னா பிரிவுத் தலைவர் பதவியும் வராது."

"அதை நீ ஞாபகப்படுத்தணுமா?" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். அலமாரியைப் பூட்டிவிட்டு, பூட்டினோமா என்று திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார். அவருடைய வீட்டுக்காரர் ஒரு நாள் அழைத்துப்போக வந்தபோது என்னிடம் தனியாகக் கேட்டார்: "ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா? தூக்கத்துலயும் கால் ஆடுது. கட்டில் நகர்ந்து செவுத்துக்கே போயிடுச்சு." மேனேஜர் தினமும் வந்து கேஸ் எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். வக்கீல் எல்லாவற்றையும் எழுதித் தயாராக வைத்திருந்தார். கிரேனை விற்கவோ மாற்றவோ முடியாதபடி முதலில் தடை வாங்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. தடை வந்தால் கிரேன்காரர் பாதி செத்த மாதிரிதான்.

அக்கா சும்மா இருப்பாரா? அச்சகத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். குப்பை எடுக்கிறவர்களைக் கேட்டார், பின்பக்கத்துக் கழிவுக் காகிதக் குவியலைக் கிளறினார். கூடப் போய்க் கிளறிய பாவி நான். அச்சகக்காரருக்கு ஒரு வினோதப் பழக்கம். தன் அச்சகத்தின் சின்னமான சேவலை ரப்பர் முத்திரையாகச் செய்து, மிச்சமாகும் சிவப்பு மையில் தோய்த்து, தன் பொருள் எதைக் கண்டாலும் குத்திவிடுவார். நாங்கள் உட்கார்ந்த ஸ்டூலில் சேவல், வாளியில் சேவல், ஏணியில் சேவல், டீ ஃபிளாஸ்கிலும் சேவல். இரவல் போனால் திரும்பி வர வேண்டுமாம்.

"ரொம்ப நேரம் நின்னா நம்ம மேலயும் குத்திடுவாரு அக்கா, வாங்க போகலாம்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்தோம். அச்சகத்தின் இரும்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காற்றடித்தால் படீர் படீரென்று அடிக்கும். அதற்காக ஒரு பட்டையால் கட்டி வைத்திருப்பார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவிழ்த்துக் கட்ட வேண்டும். வந்த ஒவ்வொரு முறையும் அக்காதான் பொறுப்பாக அதைக் கட்டிவிட்டுப் போவார். கதவு திறந்து கிடந்தால் அவருக்குப் பொறுக்காது.

அன்றும் கட்டினார். கட்டிக்கொண்டே இருந்தார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

"தம்பி, இங்க வா."

அழுக்கேறிக் கறுத்துப்போன பட்டை. முடிச்சுக்குள் மடிந்திருந்த பகுதியில் மட்டும் பழைய மஞ்சள் நிறம் தெரிந்தது. அந்த மஞ்சளில் ஒரு சிவப்புச் சேவல். ஒரு முனை கத்தியால் நறுக்கியது. இன்னொரு முனை நார் நாராகப் பிய்ந்து தொங்கியது. நாங்கள் ஊரெல்லாம் தேடிய பெல்ட்டை நாங்களே கட்டி, நாங்களே அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உள்ளே இருந்து வந்த ஃபோர்மேனைக் கேட்டோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அது அறுந்து போச்சுங்க. முதலாளி தூக்கிப் போடச் சொன்னாரு. நல்ல பட்டை, எதுக்கு வீணாக்கணும்னு பாதியை நறுக்கிக் கதவுக்குக் கட்டினேன்" என்றார்.

அக்கா முடிச்சை அவிழ்த்தார். ஃபோர்மேனுக்கு இதன் மதிப்பு தெரியாது, விட்டுவிட்டுப் போனால் கேஸ் நடக்கும், கிரேன் வரும், பதவி வரும். இதெல்லாம் எனக்கே தோன்றியபோது அவருக்குத் தோன்றியிருக்காதா? பட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கதவைப் பார்த்தார். கட்ட ஒன்றும் இல்லை. கதவு பின்னால் படீரென்று அடிக்க அடிக்க நாங்கள் கிளம்பினோம்.

மேனேஜருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "கதவுல கட்டின கந்தலை எதுக்குப் பிரிச்சுக் கொண்டு வந்தீங்க?" என்றார்.

"உடைஞ்சதைக் கொண்டு வர்றதுதானே சார் என் வேலை" என்றார் அக்கா.

வக்கீல் அதைக் கையில் வாங்கி, சேவலையும் பிய்ந்த முனையையும் புரட்டிப் பார்த்தார். "இதை மறைச்சு வெச்சுக்கிட்டு நான் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று சொல்லி மேசையில் வைத்தார். "அச்சகக்காரரையும் கிரேன்காரரையும் ஒண்ணாக் கூப்பிடுங்க. அச்சகக்காரர் வாயால சொல்லட்டும்."

இருவரும் வந்தார்கள். நீள மேசையின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். நடுவே பெல்ட் கிடந்தது. அச்சகக்காரர் தன் சேவலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது என்னுதுன்னு சொன்னா பணத்தைத் திரும்பக் கேப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் தொங்கினார் என்று. அவருடைய முட்டாள்தனத்தின் மேலும், நஷ்டத்தை மதிப்பிட நான் அனுப்பிய சர்வேயரின் மேலும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

"சர்வேயர் வந்தப்ப என்ன கேட்டார், நீங்க என்ன சொன்னீங்க?"

"எப்படி விழுந்துச்சுன்னு கேட்டார். பெல்ட் அறுந்து விழுந்துச்சுன்னேன். யாரோட பெல்ட்னு கேக்கல."

"அப்ப நீங்க அவர்கிட்ட பொய் சொல்லல. வேணும்னே கீழ போட்டாத்தான் பாலிசி குடுக்காது. உங்க கவனக்குறைவால விழுந்தாலும் நான் இதே பணத்தைக் குடுத்திருப்பேன். இதை என்கிட்ட அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். பிறகு வக்கீலைப் பார்க்காமல், மேசையின் அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னார். "பெல்ட் என்னுதுதான். அவன் போய் வேற கொண்டு வரேன்னான். நேரமாகுதுன்னு நான்தான் இதைப் போட்டுத் தூக்கச் சொன்னேன். பழசுன்னு அவன் சொன்னான். நான் கேக்கல."

கிரேன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவ்வளவுதானேடா. இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை நாள் ஆச்சா" என்றார்.

"பயந்துட்டேன்டா."

மேனேஜர் விடவில்லை. தெரிந்தே பழைய பெல்ட்டில் தூக்கியது கிரேன்காரர் தப்பு, பாதியாவது கேட்கலாம் என்றார். கேட்கலாம், ஆனால் கோர்ட்டில் பாதி நிற்காது என்றார் வக்கீல். கிரேன்காரரே முடித்துவைத்தார். "தூக்கியிருக்கக் கூடாதுங்க. அது என் தப்புதான். அதுக்கு உண்டானதைச் சொல்லுங்க, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிடறேன். வண்டியை மட்டும் விட்டுடுங்க."

வக்கீல் ஒரு சின்னப் பங்கைச் சொன்னார். தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு எங்கள் கம்பெனிக்கு வந்தது அவ்வளவுதான். பிரிவுத் தலைவர் பதவி மேல் மாடியிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. அக்கா பெல்ட்டுக்கு அட்டை கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இழுத்தும் பார்த்தார். கோப்பை மூடினோம்.

அதோடு கால் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இன்னும் அதிகமாக ஆடியது. என் டம்ளர் ஒரு முறை கவிழ்ந்தே விட்டது.

"இப்ப என்ன அக்கா? பதவி போன வருத்தமா?"

"அது இருக்கத்தான் செய்யுது. இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அது இல்ல." கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புது இரும்புத் தாழ்ப்பாள், திருகாணிகளோடு. "அந்தக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன் தம்பி. படுத்தா அது அடிக்கிற சத்தம்தான் கேக்குது."

தலையில் அடித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அச்சகத்தின் வாசலில் கிரேன் நின்றுகொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் கிரேன்காரர் குந்தி உட்கார்ந்து ஒரு கம்பியை வளைத்து, வெல்டிங் மெஷினால் பற்றவைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். அவரும் தாழ்ப்பாள்தான் செய்கிறார். காற்றில் கதவு ஆடிக்கொண்டே இருந்ததால் அவருக்கு வேலை ஓடவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அச்சகக்காரர் சேவல் குத்திய ஃபிளாஸ்கோடு வெளியே வந்து, எங்களைப் பார்த்துத் தயங்கி, பிறகு எங்களுக்கும் சேர்த்து டம்ளர் எடுக்க உள்ளே போனார்.

அக்கா தன் தாழ்ப்பாளை வெளியே எடுக்கவில்லை. பையை என்னிடம் கொடுத்தார்.

கிரேன்காரர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். நோட்டீஸ் அனுப்பிய ஆள் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் சொன்னார்.

"அம்மா, இந்தக் கதவைக் கொஞ்சம் ஆடாம பிடிங்க. வெளிச்சத்தைப் பார்க்காதீங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கையாலும் கதவைப் பிடித்தார். பற்றவைத்து முடிகிற வரைக்கும் பிடித்திருந்தார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை.